"செக்" என்று ஒரே ஒரு சொல்: முருங்கை விதைத் திட்டத்தை எதை வைத்துப் பார்ப்பது?

மாணவர்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு என் புலனத்தில் நீண்ட செய்தி ஒன்று வந்தது. அனுப்பியவர் படிவம் நான்கில் என்னிடம் அறிவியல் படிக்கும் மாணவி. எங்கோ தட்டச்சு செய்ததை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தாள். விரலால் மூன்று முறை தள்ளினால்தான் அதன் முடிவு தெரிந்தது. அதன் கீழே தனியாக ஒரு சொல்: "செக்".

வணக்கம் இல்லை, கேள்வி இல்லை. அதைப் பற்றி நான் குறை சொல்லப் போவதில்லை. நீங்களும் உங்கள் குழு நண்பர்களுக்கு இப்படித்தான் அனுப்புகிறீர்கள், அவர்களும் உங்களுக்கு இப்படித்தான் அனுப்புகிறார்கள். பெறுபவருக்குத்தான் சிக்கல். எதைச் சரிபார்ப்பது? எழுத்துப் பிழையையா, சோதனை நடக்குமா என்பதையா, போட்டியில் வெல்லுமா என்பதையா? ஒவ்வொன்றுக்கும் அளவுகோல் வேறு. தவறான அளவுகோலை எடுத்தால் என்ன ஆகும் என்பது எனக்குச் சொந்த அனுபவத்திலேயே தெரியும்.

ஆசிரியர் பணிக்கு வந்த புதிதில் ஒரு மாணவன் இதே போல் ஒரு திட்டத்தைக் கொடுத்தான். இசை கேட்டால் பச்சைப்பயறு வேகமாக முளைக்குமா என்பது அவன் கேள்வி. நான் சிவப்புப் பேனாவை எடுத்து ஒற்றுப் பிழை, சந்திப் பிழை எல்லாவற்றையும் திருத்தி, "நன்று" என்று எழுதிக் கொடுத்தேன். இசை கேட்கும் கிண்ணத்தை ஜன்னல் ஓரத்தில் வானொலிப் பெட்டிக்குப் பக்கத்திலும், இசை கேட்காத கிண்ணத்தை அலமாரிக்கு உள்ளேயும் வைக்கப் போவதாக அவன் எழுதியிருந்தான். அந்த வரியில் இருந்த ஒற்றுப் பிழையைக்கூடத் திருத்தியிருக்கிறேன். வெளிச்சம் என் கண்ணில் படவே இல்லை. நான்கு வாரம் கழித்து அவன் பட விளக்கத்தோடு வந்தபோது, வித்தியாசம் இசையால் வந்ததா வெளிச்சத்தால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அந்த நான்கு வாரத்தை நான்தான் வீணாக்கினேன்.

அதனால் இந்த முறை பதில் எழுதுவதற்கு முன் ஒரு கோப்பித் தண்ணீரோடு உட்கார்ந்து, முழுவதையும் ஒருமுறை திருத்தாமல் படித்தேன். அவள் எழுதியதன் சுருக்கம் இது:

"தலைப்பு: முருங்கை விதையால் ஆற்று நீரைக் குடிநீராக்குதல். இது ஒரு புத்தாக்கம். நோக்கம்: முருங்கை விதைத் தூள் ஆற்று நீரைச் சுத்தமாக்குமா எனக் கண்டறிதல். கருதுகோள்: தூளின் அளவு அதிகரித்தால் நீரின் தெளிவும் அதிகரிக்கும். செய்முறை: 500 மில்லிலிட்டர் ஆற்று நீரை 3 போத்தல்களில் எடுப்போம். அட்டவணை 1இல் உள்ளபடி 1, 2, 3 தேக்கரண்டி தூள் போட்டு நன்றாகக் குலுக்குவோம். ஒரு நாள் கழித்து எந்த நீர் தெளிவாக இருக்கிறது என்று உற்றறிவோம். பிறகு நீரின் துளியை ஜெலட்டின் தட்டில் விட்டு, வீட்டில் வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்ப்போம். பயன்: உட்புறக் கிராம மக்களுக்குப் பாதுகாப்பான குடிநீர் கிடைக்கும். காலம்: 4 வாரம். குழு: 3 பேர்."

முதலில் நான் பார்த்தது வினைச்சொற்களை. எடுப்போம், குலுக்குவோம், உற்றறிவோம். எல்லாமே எதிர்காலம். அதாவது சோதனை இன்னும் நடக்கவில்லை. அப்படியானால் ஆய்வறிக்கைக்கு உரிய அளவுகோல்கள் இங்கே வேண்டாம். தரவு எங்கே, வரைபடம் எங்கே, முடிவு ஏன் எழுதவில்லை என்று கேட்பது, சமைக்காத சோற்றில் உப்பு பார்ப்பது போன்றது. இன்னும் நடக்காத சோதனையிடம் கேட்க வேண்டியது வேறு: இதை எழுதியபடியே செய்தால், கிடைக்கும் விடை எதையாவது சொல்லுமா?

இரண்டாவது, இதை யார் படிக்கப் போகிறார்கள்? நான்கு வாரம், மூன்று பேர், செலவுக் கணக்கு இல்லை, நூல் பட்டியல் இல்லை. வகுப்புத் திட்டம் போலத்தான் தெரிகிறது. ஆனால் "இது ஒரு புத்தாக்கம்" என்ற வரி மட்டும் உறுத்தியது. அது போட்டிப் படிவங்களில் வரும் சொல். போட்டிக்கு என்றால் "புதியதா?" என்ற அளவுகோலும் வந்துவிடும். அதை வைத்துப் பார்த்தால் இந்தத் திட்டம் உடனே விழுந்துவிடும். சூடான் நாட்டில் நைல் ஆற்றங்கரைப் பெண்கள் கலங்கிய நீரைத் தெளிய வைக்க முருங்கை விதையைப் பயன்படுத்தி வந்ததை, சாமியா அல் அசாரியா ஜான் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்து எழுதிவிட்டார். நம் தமிழர்களும் தேற்றான்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்து நீரைத் தெளிய வைத்தவர்கள்தாம். தேற்றுதல் என்றாலே தெளிவித்தல்தான். மரத்துக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. ஆனால் வகுப்புத் திட்டத்தில் புதுமைக்கு வேலையே இல்லை. ஏற்கெனவே தெரிந்த ஒன்றை ஒழுங்காகச் சோதித்துப் பார்ப்பதே போதும். ஆகவே புதுமையைப் பற்றி அவளிடம் கேட்டுவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல முடியும்.

மூன்றாவது, இது ஒட்டப்பட்ட செய்தி. ஒட்டும்போது சில விஷயங்கள் வழியிலேயே விழுந்துவிடும். அட்டவணை கலைந்துபோகும் அல்லது காணாமல் போகும். பத்தின் அடுக்கு மூன்று என்று மேலே சிறிதாக எழுதியது 103 என்று வந்து நிற்கும். இந்தச் செய்தியில் "அட்டவணை 1" என்று இருக்கிறது, அட்டவணை இல்லை. தூள் போடாத போத்தலும் எங்கும் இல்லை. "கட்டுப்பாட்டுப் போத்தல் இல்லை, பெரிய குறை" என்று எழுதக் கை போனது. ஒருவேளை அது அந்த அட்டவணையில் இருந்தால்? அதனால் இரண்டே இரண்டு கேள்விகளை அனுப்பினேன்: "இது வகுப்புக்கா, போட்டிக்கா? அட்டவணை 1ஐப் படம் பிடித்து அனுப்பும்மா."

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "வகுப்புக்குத்தான் டீச்சர். புத்தாக்கம்னு இருக்கிறது எங்க அண்ணனோட பழைய ஃபைல்ல இருந்து வந்திருச்சு, அழிக்க மறந்துட்டேன்." கூடவே அட்டவணையின் படம். அதில் நான்கு வரிசைகள். முதல் வரிசை: "0 தேக்கரண்டி. தனியாக வைக்கப்படும், குலுக்கத் தேவையில்லை."

பார்த்தீர்களா, சுழியப் போத்தல் இருந்திருக்கிறது. நான் அவசரப்பட்டிருந்தால் அவள் செய்யாத பிழைக்குத் திட்டு வாங்கியிருப்பாள். ஆனால் அந்த "குலுக்கத் தேவையில்லை" என்ற சிறு வரியில் உண்மையான பிழை ஒளிந்திருந்தது. மற்றப் போத்தல்களைக் குலுக்கிவிட்டு இதை மட்டும் சும்மா வைத்தால், இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் மாறுகின்றன: தூளும், குலுக்கலும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டில் படித்த தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி நினைவிருக்கிறதா? இடைநிலைப்பள்ளியில் அதையே 'பெம்போலே உபா' என்று மலாயில் படிக்கிறீர்கள். குலுக்கல் இங்கே கட்டுப்படுத்தப்பட்ட மாறியாக இருக்க வேண்டும். சுழியப் போத்தலும் மற்றவற்றைப் போலவே குலுக்கப்பட வேண்டும், மற்றவற்றைப் போலவே நிற்க வேண்டும். தூள் மட்டுமே இல்லாமல் இருக்க வேண்டும். என் பச்சைப்பயறு மாணவனின் ஜன்னலும் அலமாரியும் இதே தவறுதான்.

இனி எந்த அளவுகோல்களை எடுப்பது என்று முடிவு செய்யலாம். பாதுகாப்பு, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் எப்போதும் பொருந்தும். அதை முதலில் பார்த்தாக வேண்டும். அடுத்து, சோதனை விடை சொல்லுமா என்பது. அதன் பிறகு, கிடைக்கும் விடைக்கும் தலைப்பில் சொல்லும் வாக்குறுதிக்கும் பொருத்தம் இருக்கிறதா என்பது. புதுமை, செலவு, மேற்கோள் முறை, எழுத்துப்பிழை ஆகியவற்றை இன்று தொடவே இல்லை. செய்முறை மாறப் போகிறது என்றால் அந்த வரிகளே மாறிவிடும். நாளை அழியப் போகும் வரியில் இன்று ஒற்றுப் பிழை தேடுவதில் பயன் என்ன?

பாதுகாப்பு விஷயத்தில் ஒரு வரி கட்டாயம் நீங்க வேண்டும். ஜெலட்டின் தட்டில் ஆற்று நீரை விட்டு வீட்டில் கிருமி வளர்ப்பது. ஆற்று நீரில் என்னென்ன நுண்ணுயிர்கள் இருக்கின்றன என்று நமக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்ததைத் தட்டில் வைத்துக் கோடிக்கணக்கில் பெருக்கிவிட்டு, அதை வீட்டுக் குப்பையில் போடுவது ஆபத்து. ஐசெஃப் எனப்படும் அனைத்துலக மாணவர் அறிவியல் கண்காட்சியின் விதிகளிலும் வீட்டில் நுண்ணுயிர் வளர்ப்பதற்குத் தடை இருக்கிறது. இந்த வரியைத் திருத்தி மேம்படுத்த முயலக்கூடாது, எடுத்துவிட வேண்டும். ஆற்று நீர் எடுப்பதிலும் கவனம் வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த நீர், காலில் உள்ள சிறு காயம் வழியாகக்கூட எலிக்காய்ச்சலைத் தரும். மழை வெள்ளத்துக்குப் பிறகு இந்த ஆபத்து கூடுதல். பள்ளித் தோட்டத்துக் களிமண்ணைக் குழாய் நீரில் கரைத்துக்கொண்டால் ஆற்றுக்கே போக வேண்டாம். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஆற்று நீரின் கலங்கல் நாளுக்கு நாள் மாறும். நாமே கரைத்த நீரை ஒரே வாளியில் வைத்து எல்லாப் போத்தல்களுக்கும் எடுக்கலாம்.

அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்த பகுதி: ஒரு தேக்கரண்டி என்றால் எவ்வளவு?

அதைத் தெரிந்துகொள்ள, முருங்கை விதை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். நுண்ணிய களிமண் துகள்கள் நீரில் எதிர் மின்னூட்டம் கொண்டவை. ஒரே வகை மின்னூட்டம் ஒன்றையொன்று விலக்கும். அதனால் அவை ஒட்டிக்கொள்ளாமல், படியாமல், நீரில் மிதந்துகொண்டே இருக்கின்றன. முருங்கைப் பருப்பில் நீரில் கரையும் புரதம் ஒன்று இருக்கிறது. அது நேர் மின்னூட்டம் கொண்டது. அது துகள்களில் ஒட்டி, அவற்றின் விலகலைத் தணிக்கிறது. துகள்கள் ஒன்றுசேர்ந்து சிறு சிறு திரள்களாகிக் கனமாகி அடியில் படிகின்றன. சரி, புரதத்தை மேலும் மேலும் போட்டால்? துகளைச் சுற்றிலும் புரதம் மூடிக்கொள்ளும். இப்போது எல்லாத் துகள்களும் நேர் மின்னூட்டம் பெற்றுவிடும். மீண்டும் விலகல், மீண்டும் கலங்கல். போதாதற்கு, மிஞ்சிய விதைத் தூளே நீரைப் பால்போல் ஆக்கிவிடும்.

கலங்கிய நீருக்கு ஊர்ப்புறங்களில் சொல்லப்படும் கணக்கு, சுமாராக ஒரு லிட்டருக்கு ஒரு விதை. மிகவும் கலங்கியிருந்தால் இரண்டு. தோல் நீக்கிய ஒரு பருப்பின் எடை ஏறத்தாழ 0.2 கிராம், அதாவது 200 மில்லிகிராம். ஒரு தேக்கரண்டி தூளோ ஏறத்தாழ 2 கிராம் வரும். அதை அரை லிட்டரில் போட்டால், லிட்டருக்கு 4,000 மில்லிகிராம். தேவையானதைப் போல் இருபது மடங்கு! அதுவே அவளுடைய மிகச் சிறிய அளவு. மற்ற இரண்டும் நாற்பது மடங்கு, அறுபது மடங்கு.

அப்படிச் செய்தால் என்ன நடக்கும்? மூன்று போத்தல்களும் பால்போல் இருக்கும், தூள் போடாத போத்தல்தான் தெளிவாக இருக்கும். "முருங்கை விதை நீரைக் கெடுக்கிறது" என்று மூன்று பேரும் நேர்மையாக எழுதுவார்கள். விதையில் குற்றமே இல்லை. வேலை செய்யும் அளவு எதுவோ, அதை அவர்கள் தொடவே இல்லை. கருதுகோள் தவறாக இருப்பது ஒரு குறையல்ல, கருதுகோள்கள் தவறாகலாம். தேர்ந்தெடுத்த அளவுகள் எல்லாமே ஒரே பக்கத்தில் இருப்பதுதான் குறை. அளவுகள் பொருத்தமான அளவுக்குக் கீழேயும் மேலேயும் பரவியிருக்க வேண்டும்.

தேக்கரண்டியால் இவ்வளவு சிறிய அளவை எடுக்க முடியாது. ஆனால் ஓர் எளிய வழி இருக்கிறது. காய்ந்த விதையின் தோலையும் இறக்கையையும் நீக்கி, வெள்ளைப் பருப்பை மட்டும் இடியுங்கள். அதில் 1 கிராம் எடுங்கள். ஐந்தாறு பருப்பு போதும். அதைக் கொஞ்சம் நீரில் குழைத்து, பிறகு மொத்தம் 100 மில்லிலிட்டர் ஆகும்வரை நீர் சேர்த்து, கலக்கி, துணியில் வடிகட்டுங்கள். இந்த விதைப்பாலில் ஒவ்வொரு மில்லிலிட்டரும் 10 மில்லிகிராம் தூளுக்குச் சமம். துணியில் சக்கை தங்கிவிடும் என்பதால் இது நாம் எடுத்த தூளின் கணக்குத்தான், கரைந்த புரதத்தின் கணக்கு அல்ல. ஒப்பிட்டுப் பார்க்க இதுவே போதும். அன்று செய்த பாலை அன்றே பயன்படுத்துங்கள், வைத்தால் கெட்டுப்போகும்.

இப்போது ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து, 500 மில்லிலிட்டர் போத்தலில் 5 மில்லிலிட்டர் விதைப்பால் விட்டால், அதில் 50 மில்லிகிராம் இருக்கும், அதாவது லிட்டருக்கு 100 மில்லிகிராம். இப்படியே 0, 2.5, 5, 10, 20 மில்லிலிட்டர் என்று ஐந்து அளவுகள் வைக்கலாம். ஒரு சிறு நுணுக்கம்: 20 மில்லிலிட்டர் விட்ட போத்தலில் நீரும் சற்று கூடிவிடுகிறது. எனவே குறைவாக விட்ட போத்தல்களில் மீதியை வெறும் நீரால் நிரப்பி, எல்லாவற்றிலும் 20 ஆக்குங்கள். சுழியப் போத்தலுக்கு 20 மில்லிலிட்டர் வெறும் நீர்.

குலுக்கலுக்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் ஒரு நிமிடம் வேகமாகக் கலக்க வேண்டும், அப்போதுதான் விதைப்பால் எங்கும் பரவும். பிறகு பத்து நிமிடம் மிக மெதுவாகக் கலக்க வேண்டும். துகள்கள் சந்தித்து ஒட்டிக்கொள்ள இந்த நேரம் வேண்டும். இறுதிவரை வேகமாகக் குலுக்கினால் சேர்ந்த திரள்கள் உடைந்துபோகும். அதன் பிறகு ஆடாமல் அசையாமல் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். அவள் எழுதியிருந்த ஒரு நாள் ஏன் கூடாது? ஒரு நாள் விட்டால் சுழியப் போத்தலில்கூட மண்ணின் பெரும்பகுதி தானாகவே படிந்துவிடும். எல்லாரும் ஓடி முடித்த பிறகு முடிவுக் கோட்டுக்குப் போய், யார் முதலில் வந்தார் என்று தேடுவது போலாகிவிடும்.

அடுத்து, "தெளிவாக இருக்கிறதா என்று உற்றறிவோம்". எந்தக் கண்? எந்த வெளிச்சம்? உங்கள் குழுவில் மூன்று பேர் இருந்தால் மூன்று விடைகள் வரும். அதிலும் 10 மில்லிலிட்டர் விட்டதுதான் வெல்ல வேண்டும் என்று நீங்கள் ஆசைப்பட்டால், கண்ணுக்கு அதுதான் தெளிவாகத் தெரியும். கண்ணை எண்ணாக மாற்ற ஒரு வழி சொல்கிறேன். வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் சிலுவைக் குறி போட்டு, அதன் மேல் உயரமான கண்ணாடி அளவு உருளையை வையுங்கள். போத்தலின் மேற்பகுதியிலிருந்து, அடியில் படிந்த மண்ணைக் கலக்காமல், சிரிஞ்சால் நீரை எடுத்து உருளையில் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். மேலிருந்து பார்த்துக்கொண்டே இருங்கள். குறி மறையும் கணத்தில் நிறுத்தி, நீரின் உயரத்தைச் சென்டிமீட்டரில் எழுதுங்கள். உயரம் அதிகமென்றால் நீர் அதிகத் தெளிவு.

இதற்கும் எல்லை உண்டு. உருளை 30 சென்டிமீட்டர் என்றால், அது நிரம்பிய பிறகும் குறி தெரியும் அளவுக்கு இரண்டு நீர்களும் தெளிந்திருந்தால், இரண்டில் எது மேல் என்று இந்தக் கருவி சொல்லாது. "30க்கு மேல்" என்று மட்டும் எழுத வேண்டும். போத்தல்களில் அளவை எழுதாமல் எழுத்துகளை மட்டும் ஒட்டி, எது எது என்று தெரியாத ஒருவரைப் படிக்க வைத்தால் ஆசையும் கணக்கில் நுழையாது.

ஒவ்வோர் அளவுக்கும் ஒரே போத்தல் என்பதும் போதாது. ஒரு போத்தல் சற்று ஆடிப்போனால் அந்த அளவின் விடையே மாறிவிடும். அளவுக்கு மூன்று என்றால் பதினைந்து போத்தல்கள், ஏழரை லிட்டர் கலங்கல் நீர். ஒரு வாளி. ஆனால் வாளியிலிருந்து ஊற்றும்போது யாராவது ஒருவர் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் போத்தலுக்குக் கலங்கல் குறைவாகவும் கடைசிப் போத்தலுக்குச் சேறாகவும் போகும். நீங்கள் வரிசையாக 0, 2.5, 5 என்று ஊற்றியிருந்தால், அந்தச் சேற்றை விதையின் வேலை என்று தவறாக நினைத்துவிடுவீர்கள்.

கடைசியாக, வாக்குறுதி. தலைப்பில் "குடிநீர்" என்று இருக்கிறது. பயனில் "பாதுகாப்பான குடிநீர்" என்று இருக்கிறது. ஆனால் அவர்கள் அளக்கப் போவது தெளிவை மட்டும். மண்ணோடு சேர்ந்து ஒரு பகுதி பாக்டீரியாவும் அடியில் படியும் என்பது உண்மைதான். ஆனால் எல்லாம் போய்விடாது. மேலும், விதையிலிருந்து கரைந்த பொருள்கள் நீரில் மிஞ்சுவதால் வைத்திருந்தால் நாற்றம் எடுக்கும், கிருமிக்கு அதுவே உணவாகவும் ஆகும். கண்ணாடிபோல் தெளிந்த நீரில்கூட வயிற்றுப்போக்கு தரும் கிருமி இருக்க முடியும். தெளிந்த பிறகும் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். யாராவது ஒரு தம்பி அந்தத் தலைப்பை நம்பி ஒரு வாய் குடித்துப் பார்த்தால் என்ன செய்வது? எனவே தலைப்பு "முருங்கை விதைப்பாலின் அளவும் களிமண் நீரின் தெளிவும்" என்று மாற வேண்டும். கவர்ச்சி குறைந்துதான் போகும். பரவாயில்லை.

இவ்வளவையும் அப்படியே எழுதி அனுப்பினால் அவள் இரவெல்லாம் தூங்க மாட்டாள். நான் அனுப்பியது இதுதான்:

"வகுப்புத் திட்டம், இன்னும் தொடங்கவில்லை என்று வைத்துப் பார்த்தேன். கிருமி வளர்க்கும் பகுதியை எடுத்துவிடு, அதற்கு அனுமதி இல்லை. யாரும் அந்த நீரைக் குடிக்கக் கூடாது. தொடங்குவதற்கு முன் மூன்றைச் சரிசெய்: சுழியப் போத்தலையும் மற்றவை போலவே கலக்க வேண்டும், தேக்கரண்டிக்குப் பதில் விதைப்பால், கண்ணால் பார்ப்பதற்குப் பதில் சிலுவைக் குறி. எப்படி என்று நாளை ஆய்வகத்தில் காட்டுகிறேன். தலைப்பில் குடிநீர் வேண்டாம், தெளிவு என்று போடு. யோசனை நன்றாக இருக்கிறது. எழுத்துப்பிழையை நான் இன்னும் பார்க்கவில்லை."

கடைசி வரி முக்கியம். எதைப் பார்க்கவில்லை என்று சொல்லாவிட்டால், பார்த்து எல்லாம் சரி என்று சொன்னதாக அவள் எடுத்துக்கொள்வாள்.

புதன்கிழமை மீண்டும் ஒட்டப்பட்ட செய்தி வந்தது. இந்த முறை கீழே ஒரு முழு வாக்கியம் இருந்தது: "டீச்சர், அட்டவணையில அளவு மட்டும் சரியான்னு பாருங்க, மத்ததை நாங்களே பாத்துட்டோம்." அதனால் அட்டவணையை மட்டும் பார்த்தேன். முதல் நான்கு வரிசைகளும் சரி. ஐந்தாவதில் 20 மில்லிலிட்டருக்கு "லிட்டருக்கு 200 மில்லிகிராம்" என்று இருந்தது. போத்தலில் 200 மில்லிகிராம் இருப்பது உண்மை. ஆனால் போத்தல் அரை லிட்டர்தான். 400 என்று திருத்தி அனுப்பினேன்.